கணினிப் பெட்டியைத் திறக்கும் முன்: வேலூர் வெயிலும் நிலைமின்சாரமும்

வேலூர்ப் பக்கத்தில் மாசி முடிந்ததிலிருந்து முதல் கோடை மழை வரும் வரை, மதிய நேரக் காற்றில் ஈரப்பதம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கடல் தொலைவில் இருக்கிறது, பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கிறது, சுற்றிலும் பாறை மலைகள். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று ஒலி எழுவதையும், பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டதும் விரல் நுனியில் சுருக்கென்று குத்துவதையும் இங்கே எல்லோரும் அனுபவித்திருப்போம். மேசைக் கணினியைத் திறந்து, உள்ளிருக்கும் ரேமையோ கேபிளையோ கழற்றி மறுபடியும் பொருத்த நினைப்பவர்கள் முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சுருக்கைத்தான்.

அப்படிச் சுருக்கென்று உணர்வதற்கே நம் உடலில் ஏறத்தாழ 3000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஏறியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் நமக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் சிப்புகளுக்குள் இருக்கும் மெல்லிய காப்புப் படலங்கள், வகையைப் பொறுத்து, சில நூறு வோல்ட்டிலேயே பழுதாகக்கூடும். அதாவது, பாகத்துக்குக் கேடு செய்யும் பெரும்பாலான மின்னிறக்கங்களை நாம் பார்ப்பதுமில்லை, உணர்வதுமில்லை. இன்றைய ரேம், மதர்போர்டு ஆகியவற்றின் சிப்புகளில் ஓரளவு பாதுகாப்பு உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் ஒரு முன்னெச்சரிக்கையும் இல்லாமல் வேலை செய்கிறவர்கள்கூடப் பல நேரம் தப்பித்துவிடுகிறார்கள். ஆனால் பழுது எப்போதும் உடனே வெளிப்பட வேண்டும் என்பதில்லை. பாதி சேதமடைந்த ஒரு சிப்பு சில வாரங்கள் வேலை செய்துவிட்டு, பிறகு திடீர் திடீரென்று நீலத்திரை காட்டத் தொடங்கலாம். அன்றைக்குக் கை வைத்ததுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தோன்றாது.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது, "உடம்பை எர்த் பண்ணிக்கொள்ள வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். நான் அதைச் சற்று மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். நம் உடலும், கணினிப் பெட்டியின் இரும்புச் சட்டமும், கையில் எடுக்கப்போகும் பாகமும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும், அதுதான் குறிக்கோள். மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்துவிட்டால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்னூட்டம் பாய்வதற்குக் காரணமே இல்லை. அந்த மட்டம் பூமியின் மட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டாலும் பாகத்துக்குக் கேடில்லை.

நம் ஊர் வீடுகளுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். வெளிநாட்டுக் காணொளிகளில், பிளக்கைச் சுவரிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சை மட்டும் அணைத்தால் எர்த் தொடர்பு கிடைக்கும் என்று காட்டுவார்கள். அந்தக் கட்டடத்தின் எர்த் ஒயர் உண்மையாகவே மண்ணுக்குப் போகிறது என்ற நம்பிக்கையில் சொல்லப்படும் யோசனை அது. இங்கே பல பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அப்படிப்பட்ட சாக்கெட்டில் கணினியைச் சொருகி ஓடவிட்டால், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக, 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி இரும்புப் பெட்டியில் வந்து நிற்கும். கணினியின் பின்பக்கத்தைப் புறங்கையால் தடவினால் விறுவிறுவென்று இருப்பது இதனால்தான். சில வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக்கூட இணைக்கப்பட்டிருக்கும். அங்கே ஸ்விட்சை அணைத்தாலும் ஃபேஸ் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: பவர் கார்டை முழுவதுமாகப் பிடுங்கிவிடுங்கள், அதையும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்பக்கத்திலிருந்தே பிடுங்குங்கள்.

பின்பக்கத்திலிருந்தே என்று சொல்வதற்குக் காரணம் யு.பி.எஸ். நம் வீடுகளில் கணினி சுவரிலிருந்து நேரடியாக ஓடுவது குறைவு. நடுவே ஒரு யு.பி.எஸ் இருக்கும், அல்லது வீடு முழுவதற்கும் இன்வெர்ட்டர் இருக்கும். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைப்போம். பேட்டரி தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும்.

குடியாத்தத்தில் என் அக்கா வீட்டில் கடந்த கோடையில் செய்த வேலையை எடுத்துக்கொண்டு வரிசையை விளக்குகிறேன். அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். கணினி மேசையைக் கூடத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றி வைத்த மறுநாள் என்னைக் கைபேசியில் அழைத்தான். "மாமா, ஃபேன் ஓடுது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல. பீப் பீப்னு விடாம கத்துது" என்றான். நான்கு ரேம் ஸ்லாட்டுகள் உள்ள, டிடிஆர்4 ரேம் இரண்டு பொருத்தப்பட்ட கணினி அது. பீப் ஒலியின் பொருள் பயாஸுக்குப் பயாஸ் மாறும் என்றாலும், இடம் மாற்றியவுடன் டிஸ்ப்ளே போய், பீப் ஒலி நிற்காமல் தொடர்ந்தால், முதல் சந்தேகம் ரேமின் மேல் வருவது நியாயம். மானிட்டர் கேபிள் சரியான இடத்தில்தான் இருக்கிறதா, மானிட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று வெளியில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்த பிறகே திறப்பது என்று முடிவு செய்தோம். திறக்காமல் தீரக்கூடிய கோளாறுக்குத் திறப்பது, இல்லாத ஆபத்தை வரவழைப்பதாகும்.

வேலையைக் காலை ஏழு மணிக்கு வைத்துக்கொண்டோம். மதியத்தைவிட அப்போது காற்றில் ஈரம் கூடுதலாக இருக்கும், வெளிச்சமும் நன்றாக இருக்கும். உடையைப் பொறுத்தவரை குடியாத்தத்துக்காரர்களுக்குக் கவலையே இல்லை. ஊரில் நெய்யும் பருத்திக் கைலியும் ஒரு பருத்திப் பனியனும் போதும். நைலான், பாலியஸ்டர் வேண்டாம். பிளாஸ்டிக் பாயும் தரைவிரிப்பும் இல்லாத வெறும் தரையில் வெறுங்காலோடு நிற்பது நல்லது. மேசை மேல் எதுவும் விரிக்காமல் மரப்பலகையாகவே விட்டோம். பாகங்களை வைக்கத் தெர்மாகோலை எடுத்து வந்தான். அதைத் திருப்பி அனுப்பினேன். தெர்மாகோல், பிளாஸ்டிக் கவர், குமிழி உறை ஆகிய மூன்றும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள்கள், ஆகவே வேலை நடக்கும் மேசையின் பக்கமே அவை வரக் கூடாது.

முதலில் கணினியை முறையாக அணைத்தோம். டிஸ்ப்ளே இல்லாததால் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க முடிந்தது. பிறகு யு.பி.எஸ்ஸை அணைத்து, பவர் கார்டைப் பின்பக்கத்திலிருந்து பிடுங்கி, மானிட்டர், லேன், ஸ்பீக்கர், விசைப்பலகை என எல்லா ஒயர்களையும் கழற்றினோம். மானிட்டர் இன்னும் சுவரில் சொருகியிருந்தால், அதன் கேபிள் வழியாகக்கூடப் பெட்டிக்கு ஒரு கசிவு வந்து சேரும். எல்லாம் கழன்ற பிறகு பவர் பட்டனை மறுபடியும் பத்து நொடிகள் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். "அதான் கரண்டே இல்லையே மாமா, எதுக்கு?" என்று கேட்டான். கணினி அணைந்திருந்தாலும், கார்டு சொருகியிருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ் மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கார்டைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மிச்சம் இருக்கும். பட்டனை அழுத்தினால் அந்த மிச்சம் வடிந்துவிடும். ஒரு கணம் விசிறி அசைந்து நின்றதை அவனே காதால் கேட்டான். பல மதர்போர்டுகளில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது அணையும் வரை எந்தப் பாகத்தையும் அசைக்கக் கூடாது. காத்திருப்பு மின்சாரம் இருக்கும்போது ரேமைப் பிடுங்குவதும் சொருகுவதும், நிலைமின்சாரத்தைவிட நிச்சயமான கேடு.

எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெட்டியை மட்டும் எக்காலத்திலும் திறக்க வேண்டாம். அதன் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பவர் பட்டனை அழுத்தியதால் அவை முழுவதும் வடிந்துவிட்டன என்று எண்ணக் கூடாது.

பெட்டியைப் படுக்க வைத்து, பின்பக்கத்து இரண்டு திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தோம். கை உள்ளே போவதற்கு முன், உள்ளே தெரியும் நிலையிலேயே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். அடுத்ததுதான் முக்கியமான நொடி: மதர்போர்டைத் தொடுவதற்கு முன் சட்டத்தைத் தொட வேண்டும். ஆனால் கறுப்பு வர்ணம் பூசிய பெட்டியில் எங்கே தொடுவது? வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. பின்பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்கான ஸ்லாட் மூடிகள் இருக்குமே, அவற்றின் உள்மடிப்பு விளிம்பு வெள்ளி நிறத்தில் வெறும் உலோகமாக இருக்கும். வர்ணம் பூசாத எஸ்.எம்.பி.எஸ் உறையாக இருந்தால் அதையும் தொடலாம். அங்கே உள்ளங்கையை வைத்து ஓரிரு நொடி பிடித்தால் போதும், உடலும் சட்டமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். மதர்போர்டு உலோகத் திருகாணிகளால் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அதுவும் அதே மட்டத்தில்தான் இருக்கும்.

ஆனால் அந்த நிலை நீடிக்காது. நாற்காலியில் அசைந்தாலே, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலே மறுபடியும் மின்னூட்டம் ஏறிவிடும். ஆகவே இடது முன்கை எப்போதும் சட்டத்தின் மேல் படிந்திருக்கட்டும், அல்லது மணிக்கட்டுப் பட்டையை, அதாவது ஆன்டி ஸ்டேடிக் ரிஸ்ட் ஸ்டிராப்பை, அணிந்துகொள்ளுங்கள். இரண்டாவதுதான் நம்பகமானது, கவனம் வேலையில் போகும்போது கை எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பட்டையின் உள்பக்க உலோகத் தகடு தோலில் நேரடியாகப் படிய வேண்டும். சட்டைக் கையின் மேல் கட்டினால் பயனில்லை. அதன் முதலைக் கிளிப்பை அதே வெறும் உலோக விளிம்பில் மாட்ட வேண்டும். ஒயரே இல்லாத பட்டை என்று விற்கப்படுவதை வாங்க வேண்டாம். மின்னூட்டம் போய்ச் சேர அதில் வழியே இல்லை.

பட்டை வாங்கியதும் மல்டிமீட்டரால் ஒருமுறை சோதிப்பது நல்லது. 2 மெகா ஓம் அளவையில் வைத்து, ஒரு முள்ளைத் தகட்டிலும் மற்றொன்றைக் கிளிப்பிலும் வைத்தால் 1 மெகா ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். அந்த மின்தடை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. நிலைமின்சாரம் வடிவதற்கு அது தடையாகாது. ஆனால் தப்பித் தவறி 230 வோல்ட் நம் கைக்கு வந்தாலும், மின்னோட்டம் கால் மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும். மீட்டர் சுழியம் காட்டினால் உள்ளே மின்தடை இல்லை என்று பொருள், அதை அணியவே கூடாது. ஒன்றும் காட்டாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது. கணினியை ஓடவிட்டுச் சோதிக்கும் நேரத்தில் எந்தப் பட்டையாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

இனி ரேம். கழற்றுவதற்கு முன் குனிந்து பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொன்னேன். ஒரு ரேமின் பொன்னிற முனைகள் ஸ்லாட்டுக்குள் முழுவதுமாக மறைந்திருந்தன. இன்னொன்றில், ஒரு ஓரத்தில் மட்டும் மயிரிழை அளவுக்குப் பொன்னிறக் கோடு வெளியே தெரிந்தது. அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாளும் ரேமின் பள்ளத்தில் விழாமல் சற்றுச் சாய்ந்தே நின்றது. மேசையை இழுத்தபோது அது நெகிழ்ந்திருக்க வேண்டும். காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டாலும், அதை அப்படியே அழுத்திவிடாமல் இரண்டையும் கழற்றினோம். சாய்ந்து நிற்கும் ரேமை மேலிருந்து அழுத்தினால் முனைகள் தவறான இடத்தில் உரசக்கூடும், ஸ்லாட்டில் தூசி இருந்தால் அதுவும் உள்ளேயே இறுகிவிடும்.

தாழ்ப்பாளை விரலால் வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் தானாக எழும்பும். சில மதர்போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் தாழ்ப்பாள் இருக்கும். மறுமுனையை நெம்ப முயல வேண்டாம். எழும்பியதை இரு பக்க விளிம்புகளிலும் பிடித்து நேராக மேலே எடுக்க வேண்டும். பொன்னிற முனைகளிலும் கறுப்புச் சிப்புகளிலும் விரல் படக் கூடாது. எடுத்ததை வெள்ளி நிறப் பாதுகாப்பு உறைக்குள் போட்டு வைத்தோம். உறையின் மேல் வைப்பதைவிட உள்ளே வைப்பதே சரி, காக்கும் தன்மை உள்ளேதான் இருக்கிறது. இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் உறை தன்னளவில் மின்னூட்டம் ஏற்படுத்தாது, வெளியிலிருந்து வருவதை அது தடுக்காது. உறையிலிருந்து ஒரு பாகத்தை எடுக்கும்போது, உறையைக் கையில் பிடித்தபடி மறு கையால் சட்டத்தை ஒரு நொடி தொட்டுவிட்டு எடுக்கும் வழக்கத்தையும் பழக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ரப்பர் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பழுதுபார்க்கும் கடைகளில் ரேமை எடுத்ததும் பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்ப்பது பழக்கம். டிஸ்ப்ளே வந்துவிடுவதால் ரப்பர்தான் சரி செய்தது என்று தோன்றும். பெரும்பாலும் கழற்றி மாட்டியதே சரி செய்திருக்கும். சொருகும்போது ஸ்லாட்டின் சிறு கம்பிகள் முனைகளை உரசித் துடைத்துவிடுகின்றன. ரப்பர் தேய்ப்பதே மின்னூட்டம் உண்டாக்கும் செயல், அதிலும் கத்திரி வெயிலில், கையில் பட்டை இல்லாமல். முனைகளின் மேலிருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. திரும்பத் திரும்பத் தேய்த்தால் போய்விடும், பிறகு கீழே இருக்கும் உலோகம் கறுக்கத் தொடங்கும். துகள்களும் ஸ்லாட்டுக்குள் விழும். அழுக்கு உண்மையாகவே கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் தொட்டு, முனையின் நீளவாக்கில் மெதுவாகத் துடைத்து, முழுவதும் உலர விடலாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும். ஸ்லாட்டின் தூசிக்குக் கையால் அழுத்தும் காற்றுப் பந்து போதும். வீட்டு வேக்வம் கிளீனரின் பிளாஸ்டிக் குழாய் முனையில் மின்னூட்டம் குவியும். அதைப் பெட்டிக்குள் நுழைக்கக் கூடாது.

மாட்டும்போது ஒரே ஒரு ரேமோடு தொடங்க வேண்டும். அந்த மதர்போர்டின் கையேடு, ஒற்றை ரேமை A2 என்று குறித்த ஸ்லாட்டில் போடச் சொன்னது. பிராசசரிலிருந்து எண்ணினால் அது இரண்டாவது. ரேமின் அடிப்பகுதியில் இருக்கும் வெட்டு நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி இருக்கும், அதை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். இரு கட்டைவிரல்களையும் இரு முனைகளிலும் வைத்துச் சமமாக அழுத்தினால், தாழ்ப்பாள் டக் என்ற ஒலியோடு தானே மூடும். கையால் இழுத்து மூட வேண்டியிருந்தால் ரேம் இன்னும் இறங்கவில்லை. அவன் பயந்து பயந்து அழுத்தினான். நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைதான். ஆனால் போர்டு கண்ணுக்குத் தெரிய வளைந்தால் உடனே நிறுத்தி, வெட்டு பொருந்தியிருக்கிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும்.

பட்டையைக் கழற்றி, கைகளை வெளியே எடுத்து, மானிட்டர் கேபிளையும் விசைப்பலகையையும் மாட்டி, பவர் கார்டைக் கடைசியாகச் சொருகினோம். திரையில் எழுத்து வந்தது. அதோடு நிறுத்தவில்லை. மறுபடியும் அணைத்து, கார்டைப் பிடுங்கி, பட்டனை அழுத்தி வடியவிட்டு, சட்டத்தைத் தொட்டு, அதே A2 ஸ்லாட்டில் இரண்டாவது ரேமைத் தனியாகப் போட்டுப் பார்த்தோம். அதற்கும் டிஸ்ப்ளே வந்தது. ஆகவே ரேம் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. பிறகு A2, B2 இரண்டிலும் போட்டபோதும் வந்தது, ஆகவே ஸ்லாட்டும் சரி. ஒவ்வொரு முறையும் பிடுங்குவதும் வடியவிடுவதும் சலிப்பாக இருக்கும். பலர் இரண்டாவது முறையில்தான் அவசரப்பட்டு, கார்டு சொருகியிருக்கும்போதே ரேமைப் பிடுங்குகிறார்கள்.

உள்ளே இருக்கும்போது 24 முனைப் பவர் இணைப்பு, பிராசசர் அருகிலிருக்கும் பவர் இணைப்பு, சாட்டா கேபிள்கள் ஆகியவற்றை விரலால் அழுத்தி இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தோம். பிராசசரையும் அதன் மேலிருக்கும் விசிறியையும் தொடவில்லை. அவற்றைக் கழற்றினால் புதிய தெர்மல் பேஸ்ட் வேண்டும். சில வகைகளில் விசிறியோடு பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். டிஸ்ப்ளே கோளாறுக்காகத் திறந்த பெட்டியில் அந்த வேலைக்கு இடமில்லை.

மூடுவதற்கு முன் விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து கீழே உள்ளதைத் தட்டச்சு செய்தோம்.

```
mdsched.exe
```

வரும் பெட்டியில் உடனே மறுதொடக்கம் செய்யும் தெரிவை அழுத்தினால், கணினி மறுதொடக்கமாகி ரேமைச் சோதிக்கும். பிழை எதுவும் இல்லை என்று வந்த பிறகு பக்கத் தகட்டைப் பூட்டினோம். பிழை காட்டியிருந்தால், ஒவ்வொரு ரேமையும் தனியாக வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்; எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரே ரேம் பிழை காட்டினால் மாற்ற வேண்டியது ரேம், எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் பழுது மதர்போர்டில். இரண்டு ரேம்களிலும் பென்சிலால் ஒரு சிறு காகிதத்தில் எண் எழுதி, ஸ்டிக்கரின் மேல் ஒட்டி வைக்கச் சொன்னேன். இதே கோளாறு சில வாரங்களில் திரும்பி வந்தால், எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்பது அப்போது அவனுக்கு நினைவிருக்காது.